பெலைனேஷின் மூன்று பக்கங்கள்

எங்கள் டாக்டர் எர்லெண்ட் ட்ரெவரின் வலது மணிக்கட்டை ஒரு காளைக்கன்று இரும்புக் கதவோடு சேர்த்து நசுக்கிய வாரத்தில்தான் அந்த ரெஸ்யூமே வந்தது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே, எங்கள் ஆர்க்னித் தீவுகளில் ஏப்ரல் என்றால் கன்று ஈனும் காலம். எங்கள் கால்நடை மருத்துவமனையில் இருந்ததே இரண்டு டாக்டர்கள். ஒருவர் வெளித்தீவுகளுக்குப் படகில் அலைந்துகொண்டிருந்தார். இன்னொருவர் முழங்கை வரை மாவுக்கட்டோடு என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது டாக்டர் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. அதுவரை வந்தது ஒரே விண்ணப்பம். அந்தப் பையனும், தீவில் இரவு எத்தனை மணி வரை கடை திறந்திருக்கும் என்று கேட்டுவிட்டு மறுபடி பேசவில்லை.

இரண்டாவதாக வந்தது இது. மூன்று பக்கம். படம் இல்லை, வண்ணம் இல்லை. "நான் துடிப்பானவள், குழுவோடு இணைந்து செயல்படுபவள்" என்ற வழக்கமான பாட்டு இல்லை. மேலே பெயர்: பெலைனேஷ் தெஸெமா. வயது ஐம்பத்தேழு. எத்தியோப்பியாவில் 1989-ல் கால்நடை மருத்துவப் பட்டம். பிரிட்டனில் பதிவு 2019. அதன் கீழே ஒரு வரி: "தகுதித் தேர்வு மூன்று முறை எழுதினேன். இரண்டு முறை தோற்றேன்."

இருபத்திரண்டு வருடமாக இந்த அலுவலகத்தை நடத்துகிறேன். தோற்றதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. பதிவு எண்ணை வலைத்தளத்தில் போட்டுப் பார்த்தேன். பெயர் இருந்தது. பதிவு நடப்பில் இருந்தது.

சிகிச்சை அளித்த விலங்குகள் என்று ஒரு பட்டியல். மாடு, ஒட்டகம், வெள்ளாடு, செம்மறி, கழுதை, குதிரை, கோவேறு கழுதை, நாய், பூனை, முயல். கடைசியில், "தீக்கோழி 2. கழுதைப்புலி 1 (இரண்டாவது முறை கிட்டே விடவில்லை)."

நான் சிரித்துவிட்டேன். எர்லெண்ட் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன தோரா, என்ன சிரிப்பு?"

"ஒண்ணு வந்திருக்கு. நீங்களே படிங்க."

இடது கையால் தாளை வாங்கினார். முதல் பக்கத்தை வேகமாகப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டார். அது அறுவைச் சிகிச்சைப் பக்கம். ஒவ்வொரு சிகிச்சைக்கும் செய்தது, பிழைத்தது, இறந்தது என்று மூன்று கட்டங்கள். மாட்டுக்கு வயிற்றைக் கிழித்துக் கன்று எடுத்தது 61. தாய் பிழைத்தது 52, இறந்தது 9. உயிரோடு வந்த கன்று 33. வெளியே தள்ளிய கருப்பையை உள்ளே வைத்துத் தைத்தது, ஒட்டகத்தின் தாடை முறிவு, குடலிறக்கம், பூனைகளுக்குக் கருத்தடை 212 என்று போய்க்கொண்டே இருந்தது. எல்லாவற்றுக்கும் இறந்தவற்றின் கட்டம் இருந்தது. பூனையில்கூட ஒன்று.

"செத்ததைப் போட்டிருக்காங்க," என்றார்.

"ஆமா."

"முப்பத்தி மூணு வருஷமா நான் இந்த வேலை பாக்குறேன். என்கிட்ட எத்தனை செத்துச்சுன்னு யாராவது கேட்டா என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியாது."

மூன்றாம் பக்கத்தைத் திருப்பினார். அது தடுப்பூசித் திட்டங்கள். சப்பை நோய், அடைப்பான், ஆட்டுக்கொல்லி நோய், ஒவ்வொன்றுக்கும் ஆண்டு, இடம், எண்ணிக்கை. கடைசியில், மந்தை மந்தையாக மாடுகளைக் கொன்ற வெக்கை நோய். எத்தியோப்பியாவின் அஃபார் பகுதி, 1990 முதல் 1998 வரை. "என் கையால் போட்டது 31,200. நான் பயிற்சி கொடுத்த மேய்ப்பர்கள் போட்டது 1,87,260." அதற்கும் கீழே: "1998–2000. தடுப்பூசியை நிறுத்திவிட்டு நோயைத் தேடும் பணி. கண்டது: 0."

எர்லெண்ட் தாளை மேஜையில் போட்டார்.

"இது சரிப்படாது. ரெண்டு லட்சம் மாடா? நம்ம தீவுக்கூட்டம் மொத்தத்துலயும் அவ்வளவு மாடு கிடையாது. அதுவும் போக, கண்டது பூஜ்யம்னு எவனாவது ரெஸ்யூமேல போடுவானா? ஒண்ணு அளந்து விடுறாங்க, இல்ல..."

"இல்ல?"

"தெரியல. பரிந்துரை யார் யாருன்னு பாரு."

இரண்டு பேர். முதலாவது, அபர்டீனில் அவர் இப்போது வேலை செய்யும் நாய், பூனை மருத்துவமனையின் தலைமை டாக்டர். அழைத்தேன். "இன்னும் ரெண்டு மாசத்துல நீங்க எங்ககிட்டேருந்து பறிச்சுட்டுப் போகப்போறீங்கன்னா, அவங்களைப் பத்திக் கெட்டதா ஏதாவது சொல்லலாமான்னு யோசிக்கிறேன். ஒண்ணும் தோண மாட்டேங்குது," என்றார் அந்த அம்மா. பண்ணை வேலைக்குப் பல இடங்களில் கேட்டுப் பார்த்தாராம், வயதைப் பார்த்தே விட்டுவிட்டார்களாம்.

இரண்டாவது பெயர் ஹுமத் அலி. தொழில், மாடு மேய்ப்பவர். எத்தியோப்பியத் தொலைபேசி எண். அடைப்புக்குறியில், "மகள் மதீனா மொழிபெயர்ப்பார். மத்தியானத்தில் அழைக்க வேண்டாம், தூங்குவார்."

"மாடு மேய்க்கிறவரு எல்லாம் பரிந்துரையா?" என்றார் எர்லெண்ட்.

"நமக்கு மாடு பாக்கத்தானே ஆள் வேணும்?" என்று சொல்லிவிட்டு எண்ணைப் போட்டேன். ஒலிபெருக்கியை அழுத்தி வைத்தேன்.

ஒரு பெண் எடுத்தாள். நான் யார், எதற்கு அழைக்கிறேன் என்று சொன்னேன். அவள் யாரிடமோ உரக்கச் சொன்னாள். பின்னால் ஆடுகள் கத்தின. ஒரு கிழவரின் குரல் நீளமாகப் பேசியது.

"அப்பா கேக்குறார், உங்க ஊர்ல மழை எப்படி?"

"மழையா? நல்லா இருக்கு. அதிகமாவே இருக்கு."

"புல்லு?"

"புல்லு இப்பத்தான் துளிர்க்குது. இந்த வருஷம் கொஞ்சம் தாமதம்."

"மாடெல்லாம் சுகமா? கன்னு போட்டுச்சா? தண்ணி தூரமா, பக்கமா? நீங்க வர்ற வழியில யாரைப் பாத்தீங்க, அவங்க என்ன சொன்னாங்க?"

நான் எர்லெண்டைப் பார்த்தேன். அவர் தோளைக் குலுக்கினார். அங்கே சேதி பரிமாறாமல் பேச்சைத் தொடங்குவது மரியாதை இல்லை என்று பிறகு பெலைனேஷ் சொல்லித் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு அது தெரியாது. ஆனாலும் சொன்னேன். காலையில் பால்காரர் வாய்க்காலில் வண்டியை விட்டது, வடக்குப் பக்கத்துப் பண்ணையில் இரட்டைக் கன்று விழுந்தது, காற்றில் ஒரு கொட்டகைக் கூரை பறந்தது. கிழவர் ஒவ்வொன்றுக்கும் "ம்ம்" என்றார். இந்த அலுவலகத்தில் என் பேச்சை அவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை.

பிறகுதான் கேட்டேன். "டாக்டர் பெலைனேஷைப் பத்திச் சொல்லுங்க. இங்க எழுதியிருக்குற எண்ணிக்கை எல்லாம் நிஜமா?"

மதீனா மொழிபெயர்த்தாள். பிறகு கிழவர் பேசினார். பேசப் பேச அவள் வரி வரியாகச் சொன்னாள்.

"எங்க கொள்ளுத்தாத்தா காலத்துல அந்த நோய் வந்துச்சு. பத்து மாட்டுல ஒன்பது போச்சு. மாடு போனப்புறம் மனுஷங்க போனாங்க. அதுக்கப்புறமும் அது வந்துக்கிட்டேதான் இருந்துச்சு, விருந்தாளி மாதிரி. எங்க அப்பாவுக்கு ஒரு தடவை, எனக்கு ரெண்டு தடவை. அரசாங்க ஊசி பெட்டியில ஐஸோட வரும். ரோடு முடியிற இடத்துல பெட்டியும் நின்னுடும். அங்கேருந்து எங்க மாட்டுக்கு ஆறு நாள் நடக்கணும்."

"ம்."

"அப்புறம் ஐஸ் வேண்டாத ஊசி வந்துச்சு. அந்தப் பொண்ணு அதைக் கொண்டுவந்தா. ஈரத்துணி சுத்தி, கோவேறு கழுதை மேல வச்சு. எங்களுக்குப் பேரு எழுதத் தெரியாது, ஆனா ஊசி போடக் கத்துக்குடுத்தா. கலக்குன மருந்தை அன்னிக்கே முடிக்கணும், மிச்சம் வச்சுப் போட்டா அது தண்ணிதான்னு சொன்னா. போட்ட மாட்டுக்குக் காதுல ஓட்டை. சாயங்காலம், ஓட்டை போட்டப்ப விழுந்த காதுத் துணுக்கை எல்லாம் எண்ணிக் கொடுக்கணும். ஒருநாள் நான் சோம்பேறித்தனமா கண்ணால பாத்து முந்நூறுன்னு சொல்லிட்டேன். அவ எழுதல. துணுக்கைக் காட்டுன்னா. இருநூத்தி எண்பத்தொண்ணுதான் இருந்துச்சு."

எர்லெண்ட் மெல்ல நாற்காலியை முன்னே இழுத்தார்.

"என் பொண்ணு இதோ பேசிக்கிட்டிருக்காளே, முப்பது வயசு. அந்த நோயோட பேரு அவளுக்குத் தெரியாது. இப்ப நான் சொல்லித்தான் தெரியும்," என்றாள் மதீனா. அவள் தன்னைப் பற்றித்தான் சொல்கிறாள் என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "அப்பா கேக்குறார், வேற என்ன எண்ணிக்கை தெரியணும்?"

இதுவே போதும் என்றேன். நன்றி சொல்லி வைத்தேன்.

எர்லெண்ட் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒருநாள் வந்து வேலை செஞ்சு காட்டச் சொல்லு," என்றார். "நாம அவங்களைச் சோதிச்சுப் பாக்குறதுக்கு இல்ல. நம்மளை அவங்க பாக்கட்டும்."

மே மாதம் முதல் வாரம், காலைப் படகில் வந்தார். ஒல்லியான, உயரமில்லாத பெண். நரைத்த முடியை இறுக்கிக் கட்டியிருந்தார். கையில் ஒரு பை, காலில் ஏற்கெனவே ரப்பர் பூட்ஸ். மருத்துவமனையைச் சுற்றிக் காட்டி முடிப்பதற்குள் தொலைபேசி அடித்தது. நெதர்பிக் பண்ணை சிகுர்ட் ரெண்டல்.

"எர்லெண்ட் இருக்காரா? டோரிஸ் காலையிலேருந்து வாலைத் தூக்கிக்கிட்டு நிக்குறா. படுக்குறா, எந்திரிக்கிறா. முக்க மாட்டேங்குறா. பனிக்குடமும் உடையல."

டோரிஸ் அவர் மந்தையிலேயே சிறந்த மாடு. இரண்டு வருடம் கண்காட்சியில் முதல் பரிசு. எர்லெண்டால் வண்டி ஓட்ட முடியாது, இன்னொரு டாக்டர் படகில். நான்தான் ஓட்டினேன். பெலைனேஷ் சாலையோரத்து மாடுகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சிகுர்ட் கொட்டகை வாசலில் நின்றார். அறுபத்தைந்து வயது. எதையும் முதலில் நம்பாமல் ஆரம்பிப்பவர். எர்லெண்டின் கட்டைப் பார்த்தார், பெலைனேஷைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இவங்க யாரு?"

"டாக்டர் பெலைனேஷ். இன்னிக்கு இவங்கதான் பாக்கப்போறாங்க."

"எந்த ஊர்ல மாடு பாத்திருக்காங்க?"

எர்லெண்ட் கோட்டுப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்து நீட்டினார். "இதுல இருக்கு. படி. அதுக்குள்ள அவங்க கையைக் கழுவட்டும்."

சிகுர்ட் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, தன் கொட்டகையில் நின்று, ஒரு டாக்டரின் ரெஸ்யூமேயைப் படிக்க ஆரம்பித்தார். அவர் மனைவி மேவிஸ் வாளியில் சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

பெலைனேஷ் தோள் வரை கழுவி, மாட்டின் பின்னால் நின்று கையை உள்ளே விட்டார். கண்ணை மூடிக்கொண்டார். முழங்கை உள்ளே போனதும் அவர் தோள் மெல்ல இடப்பக்கம் திரும்பியது.

"கருப்பை முறுக்கிக்கிச்சு," என்றார். "இடப்பக்கமா, முக்கால் சுத்து. வழி திருகு மாதிரி இருக்கு." இன்னும் உள்ளே எட்டினார். "குளம்பு கிடைக்குது. கிள்ளினேன், காலை இழுத்துக்கிச்சு. கன்னு உயிரோட இருக்கு."

எர்லெண்ட் தலையசைத்தார். "வயித்தை அறுக்கலாமா?"

"முதல்ல உருட்டிப் பாக்கலாம். பலகை இருக்கா? நீளமா, ஒரு முழத்துக்குக் குறையாத அகலம்."

சிகுர்ட் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கருப்பை முறுக்கு, உருட்டினது முப்பத்தெட்டு," என்று வாசித்தார். "திரும்பினது முப்பத்தொண்ணு. அப்போ மிச்சம் ஏழு?"

"ஏழு மாட்டுக்கும் வயித்தை அறுத்தேன்."

"பொழச்சுதா?"

"நாலு பொழச்சுது. மூணு செத்துப்போச்சு. ரெண்டு என் தப்பு. ரொம்ப நேரம் உருட்டிக்கிட்டே இருந்துட்டேன், சீக்கிரம் அறுத்திருக்கணும். அதனால இப்ப மூணு தடவைக்கு மேல உருட்ட மாட்டேன்."

சிகுர்ட் தன் வாழ்நாளில் எத்தனையோ டாக்டர்களைப் பார்த்திருப்பார். அவர்களில் ஒருவராவது அவர் மாட்டின் மேல் கயிறு போடும் முன்னால் இப்படிச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் தாள்களை மடித்துச் சட்டைக்குள் வைத்தார்.

"பலகை டிராக்டர் பின்னாடி கிடக்கு. மேவிஸ், கயிறு எடு."

கயிற்றைக் கழுத்தில் ஒரு சுற்று, மார்பில் ஒரு சுற்று, அடிவயிற்றில் ஒரு சுற்று போட்டுப் பின்னால் இழுத்தார் பெலைனேஷ். யாரும் தள்ளவில்லை, அடிக்கவில்லை. எழுநூறு கிலோ மாடு, களைத்தவர் நாற்காலியில் உட்காருவது போல மெல்ல இறங்கி இடப்பக்கமாகப் படுத்தது. முன்னங்கால்களை ஒரு கயிற்றிலும் பின்னங்கால்களை இன்னொரு கயிற்றிலும் கட்டினார். பலகையின் நடுப்பகுதியை மாட்டின் விலாவுக்குப் பின்னால், வயிற்றின் மேல் சாய்த்து வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க எவ்வளவு எடை?"

"அதை எதுக்குங்க இங்க கேக்குறீங்க?"

"நீங்கதான் பலகை மேல நிக்கணும். நான் பத்தாது. டாக்டருக்கு ஒரு கைதான்."

"எண்பத்திரண்டு," என்றேன். மேவிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது.

"ரொம்ப நல்லது. பலகை கன்னை அசையாம பிடிச்சு வச்சிருக்கும். நாங்க மாட்டைச் சுத்துவோம். உள்ள இருக்குறது நிக்கும், வெளிய இருக்குறது அதைப் போய்ச் சேரும். புரியுதா? மாடு உருளும்போது நீங்களும் பலகை மேல நடந்துக்கிட்டே வரணும். குதிக்கக்கூடாது."

ஏறினேன். எர்லெண்ட் இடது கையால் தலைக் கயிற்றைப் பிடித்தார். சிகுர்டும் மேவிஸும் கால் கயிறுகளை இழுத்தார்கள். டோரிஸின் கால்கள் மேலே எழும்பின, வானத்தைப் பார்த்தன, மறுபக்கம் சாய்ந்தன. நான் சின்னச் சின்ன அடியாக வைத்து நடந்தேன். பெலைனேஷ் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். "கொஞ்சம் வந்திருக்கு. இன்னொரு தடவை."

மாட்டை மறுபடி பழையபடி படுக்க வைத்தார்கள். மறுபடி ஏறினேன். இந்த முறை கால்கள் உச்சிக்கு வந்தபோது, பலகைக்கு அடியில், என் பூட்ஸுக்கு அடியில், ஏதோ பெரிதாக ஒன்று நழுவித் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தது. சத்தம் எதுவும் இல்லை. கனமான ஒரு கதவு தன் நிலைக்குள் போய்ப் பொருந்துவது போல இருந்தது. நான் மூச்சை விடாமல் நின்றேன். பிறகு இன்னொன்று நடந்தது. பலகை வழியாகக் கன்று என் உள்ளங்காலில் ஒரு உதை உதைத்தது.

"உதைக்குது!" என்று கத்தினேன்.

பெலைனேஷ் ஏற்கெனவே முழங்காலில் இருந்தார். கை உள்ளே போனது. இந்த முறை தோள் திரும்பவில்லை. நேராகப் போனது. உடனே பனிநீர் வெள்ளமாக வந்து அவர் மார்பையும் மடியையும் நனைத்தது. அவர் என்னவோ ஒரு சொல்லைத் தன் மொழியில் சொன்னார். அப்புறம் எங்கள் மொழியில், "திரும்பினது முப்பத்திரண்டு," என்றார்.

கருப்பை வாய் முழுதாகத் திறக்கக் காத்திருந்தோம். அரை மணி நேரம் அவர் கையால் மெல்ல விரித்துக்கொண்டே இருந்தார். பிறகு கன்றின் கால்களில் கயிறு கட்டி, மாடு முக்கும்போது மட்டும் இழுத்தார்கள். கறுப்புக் கடாரிக் கன்று வைக்கோலில் விழுந்தது. பெலைனேஷ் ஒரு வைக்கோல் தண்டை அதன் மூக்கில் விட்டார். தும்மியது. தலையை ஆட்டியது. டோரிஸ் திரும்பி, எங்கள் யாரையும் பொருட்படுத்தாமல் அதை நக்க ஆரம்பித்தாள்.

மேவிஸ் சமையலறையில் தேநீரும் பார்லி ரொட்டியும் பாலாடைக் கட்டியும் வைத்தார். பெலைனேஷ் மேவிஸின் ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தார், கைகள் அதில் காணாமல் போயிருந்தன. சிகுர்ட் சட்டைக்குள்ளிருந்து தாள்களை எடுத்து மேஜையில் நீவி விரித்தார். மூன்றாம் பக்கம்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும். இந்த எடத்துல ரெண்டு வருஷம், கண்டது பூஜ்யம்னு போட்டிருக்கீங்களே. அது என்ன வேலை?"

எர்லெண்ட் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அவருக்கும் அதைக் கேட்க வேண்டும் என்றிருந்தது எனக்குத் தெரியும்.

"நான் செஞ்சதுலயே கஷ்டமான வேலை," என்றார் பெலைனேஷ். "எட்டு வருஷம் ஊசி போட்டோம். நோய் கண்ணுல படல. ஆனா அது போயிடுச்சா, ஒளிஞ்சிருக்கான்னு எப்படித் தெரியும்? ரத்தம் எடுத்துப் பாத்தா, ஊசி போட்ட மாடும் நோய் வந்து பொழச்ச மாடும் ஒரே மாதிரிதான் காட்டும். அதனால ஊசியை நிறுத்தணும். நிறுத்திட்டு, வருதான்னு பாக்கணும்."

"வந்தா?" என்றார் மேவிஸ்.

"வந்தா, பாதுகாப்பு இல்லாத கன்னுங்க எல்லாம் போகும். நான் ஊசி போட்டுப் பழக்கின ஜனங்ககிட்ட நானே போய், இனிமே போடக்கூடாதுன்னு சொன்னேன். என் பகுதிக்கு அந்த உத்தரவுல நான்தான் கையெழுத்துப் போட்டேன். சில பேர் என் மூஞ்சியில துப்பாத குறை. எனக்குக் கோவம் வரல. அவங்க இடத்துல நான் இருந்தா நானும் அதான் செஞ்சிருப்பேன்."

அவர் ரொட்டியைப் பிட்டார், தின்னவில்லை.

"ரெண்டு வருஷம். எங்கயாவது மாட்டுக்குக் கண்ணுல தண்ணி வடியுது, வாயில புண்ணு, கழியுதுன்னு சேதி வந்தா போகணும். நூத்தி நாப்பத்தி மூணு சேதி. ஒவ்வொண்ணுக்கும் நடந்து போனேன். போய் மாட்டோட வாயைத் திறப்பேன். கோமாரியா இருக்கும். விஷச்செடியா இருக்கும். புழுவா இருக்கும். மாதிரி எடுத்து அனுப்பிட்டு பதிலுக்குக் காத்திருப்பேன். இல்ல. இல்ல. இல்ல. நூத்தி நாப்பத்தி மூணு தடவை இல்ல."

"அப்புறம் எப்பத் தெரிஞ்சுது, போயிடுச்சுன்னு?" என்று கேட்டேன்.

"அதான் தெரியாது. வர்றது தெரியும். வராதது எப்படித் தெரியும்? அறிவிச்சது 2011-ல. உலகத்துலயே இல்ல, ஒரு மாட்டுக்கும் இல்லன்னு. அப்ப நான் இங்க வந்துட்டேன். அபர்டீன் பக்கம் கசாப்புக் கூடத்துல இறைச்சி சோதிக்கிற வேலை. நாளெல்லாம் மாட்டுத் தலையைத் திருப்பி நாக்கைப் பாக்கணும். சாப்பாட்டு நேரத்துல செய்தித்தாள்ல சின்னதா போட்டிருந்தான். பக்கத்துல உக்காந்திருந்தவன்கிட்ட காட்டினேன், வெக்கை நோய் ஒழிஞ்சுடுச்சுன்னு. அவன், 'அப்படின்னா என்ன?'ன்னு கேட்டான்."

"என்ன சொன்னீங்க?"

"இப்ப ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

அவர் சிரித்தார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. எர்லெண்ட் தன் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிகுர்ட் எழுந்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொட்டகைக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் மேய்ச்சல் நிலத்து வேலியைத் திறந்து உள்ளே போய், மாடுகளுக்கு நடுவில் தொப்பியை நெஞ்சோடு பிடித்தபடி நின்றார். தொண்ணூறு மாடு இருக்கும். ஒன்று அவர் கையை முகர்ந்துவிட்டுத் திரும்பப் புல்லுக்குப் போனது. நூற்றாண்டுகளாக எந்த மந்தைக்குள்ளும் நுழைந்துவிடக்கூடிய நோய் ஒன்று இனி எந்த மந்தைக்குள்ளும் நுழையாது. அதைப் பார்க்க முடியாது. பார்க்கக் கிடைத்ததெல்லாம் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அசைபோடும் மாடுகள்தான். அவர் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம், குளிருமே," என்றார் மேவிஸ். ஆனால் கூப்பிடவில்லை.

மாலைப் படகுக்கு அவரைத் துறைக்குக் கொண்டுபோனோம். எர்லெண்ட் வழக்கமாக இப்படிப்பட்ட விஷயங்களைக் கடிதத்தில்தான் சொல்வார், அதையும் என்னை எழுத வைத்து. அன்றைக்குத் துறையிலேயே, காற்றில் முடி பறக்க, கேட்டார்.

"டாக்டர், எங்ககூட வேலை செய்வீங்களா?"

"இந்த வேலைக்கு நீங்க இன்னும் யாரையாவது பாக்க வேண்டியிருக்கா?"

"இல்ல. நாங்க யாருன்னுதான் நீங்க பாக்கணும். கன்னு சீசன்ல தூக்கம் இருக்காது. காரு எப்பவும் நாறும். தோரா எப்பவும் கத்துவா."

"அபர்டீன்ல ரெண்டு மாசம் முன்கூட்டியே சொல்லணும்."

"ரெண்டு மாசம் காத்திருப்போம்."

"மாடு தினமும் இருக்குமா?"

எர்லெண்ட் ஆமென்று தலையை ஆட்டினார். பெலைனேஷ் அவருடைய நல்ல கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். பிறகு என் கையை. அவர் உள்ளங்கை கரடுமுரடாக, சூடாக இருந்தது. மேவிஸின் ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டார், நானும் நினைவூட்டவில்லை.

படகு கிளம்பியது. எனக்கு வீட்டில் வேலை கிடந்தது. இரவுக்குள் நாலு பண்ணைக்குத் திரும்பப் பேச வேண்டியிருந்தது. "போலாமா?" என்று கேட்கத் திரும்பினேன். எர்லெண்ட் துறையின் விளிம்பில் மாவுக்கட்டை மார்போடு அணைத்து நின்றுகொண்டிருந்தார், படகு நிலமுனையைத் தாண்டும் வரை போக மாட்டார் என்று பார்த்தவுடனே தெரிந்தது. நான் வண்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.